ஊசி நீட்டிய சிவப்புப் பை

பயிற்சி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் மாடிக் கழிவறைக்குப் பக்கத்தில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு சிவப்புப் பையைக் காட்டினார். பையின் அடிப்பகுதியில் ஒரு ஊசிமுனை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது அதைத் தூக்கித் தோளருகே வைத்துக்கொண்டு படியிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

போட்டவர் யார் என்று தேடுவது சிரமமாக இல்லை. புதிதாகச் சேர்ந்த வார்டு உதவியாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை கண் அசராமல் கேட்டவர். மெதுவாகக் கேட்டேன். அவர் பயந்தாலும் தெளிவாகப் பதில் சொன்னார்: "சிஸ்டர், நீங்கதான சொன்னீங்க, சிரிஞ்ச் சிவப்புலனு? அந்தப் படத்துலகூட அப்படித்தான எழுதியிருந்துச்சு?"

அறைக்குப் போய் ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். எழுதியிருந்தது: 'சிவப்பு: டிரிப்ஸ் செட், கதீட்டர், சிரிஞ்ச், கையுறை.' 'ஊசி நீக்கிய சிரிஞ்ச்' என்று இருந்திருக்க வேண்டும். வரி நீண்டு அடுத்த வரிக்குப் போகிறது என்று அந்த இரண்டு சொல்லையும் நான்தான் எடுத்திருந்தேன். அந்தப் பெண் என் ஸ்லைடு சொன்னதை அப்படியே செய்திருந்தார்.

நான் செவிலியராக இருந்து பயிற்சிப் பொறுப்புக்கு வந்தவள். அன்று நான் நடத்தியது ஒரு தனியார் மருத்துவமனையின் புதிய பணியாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி. 96 ஸ்லைடு, 9 பேச்சாளர்கள், கடைசியில் கையெழுத்து வாங்கும் ஒரு தாள். உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். எத்தனை பேருக்குத் தந்தோம், எத்தனை பேருக்குத் தரவில்லை என்று ஆண்டறிக்கையில் காட்டவும் வேண்டும். அந்தத் தாளின்படி அந்த அக்கா பயிற்சி பெற்றவர். பையின்படி இல்லை.

அதற்குப் பிறகு திட்டத்தை முழுக்கக் கலைத்து மறுபடி கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனை என்பதால் கழிவும் ஊசியும் வருகின்றன. துணிக்கடைக்கோ பட்டறைக்கோ வேறு பொருள்கள் வரும்.

பின்னாலிருந்து தொடங்குவது

முன்பெல்லாம் நான் பயிற்சித் திட்டம் போட்ட விதம் இதுதான்: துறைத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவேன். ஒவ்வொருவரும் அரை மணி நேரம் கேட்பார்கள். கேட்டதையெல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை வரிசையாக அடுக்கினால் டைம் டேபிள் தயார். அதில் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்ன தேவை என்ற கேள்வி எங்கேயும் வராது.

இந்த முறை ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு வார்டுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வார்டு இன்சார்ஜிடமும் ஒரே கேள்வி: "கடந்த மூணு மாசத்துல புதுசா வந்தவங்க என்னென்ன தப்பா செஞ்சாங்க?" 'ஒழுக்கம் இல்லை', 'பொறுப்பு இல்லை' என்று வந்த பதில்களைத் தாளில் ஏற்றவில்லை. கையோ வாயோ செய்த தவறை மட்டும் எழுதினேன். கழிவை மாற்றிப் போடுவது, கையைச் சரியாகத் தேய்க்காதது, ஊசி குத்தினால் மறைப்பது, நோயாளியை மாற்றி அழைத்துப்போவது என்ற நான்கும் எல்லா வார்டிலும் திரும்பத் திரும்ப வந்தன. ஐந்தாவதாக, தீ மணி அடித்தால் எந்தப் பக்கம் போவது என்பது. அதைத் தவறாக யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கே சந்தேகம் இருந்தது.

ஐந்தையும் மாலையில் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதினேன். 'கழிவு மேலாண்மை பற்றி அறிந்துகொள்வார்' என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? 'முன்னே வைத்த பொருள்களை எதையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல் சரியான டப்பாவில் போடுவார்' என்று எழுதினால் சோதிக்கலாம். இந்த வாக்கியங்களை எழுதி முடித்ததுமே மாலைத் தேர்வு தயாராகிவிட்டது. தேர்வு தெரிந்தால் பகலில் என்ன பயிற்சி வேண்டும் என்பது தெரியும். பயிற்சி தெரிந்த பிறகுதான் எதற்குப் படம் வேண்டும் என்பது தெரியும். ஸ்லைடு இந்த வரிசையில் கடைசி. நான் அதுவரை முதலில் திறந்துகொண்டிருந்தது அதைத்தான்.

துறைத் தலைவர்களைச் சமாளிப்பதுதான் இதில் கடினம். நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. "நீங்க பேசலேன்னா நாளைக்கு அவங்க எதைத் தப்பா செய்வாங்க டாக்டர்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதில் இருந்தவர்களுக்கு இடம் கொடுத்தேன். மற்றவர்களை மதியச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தேன். புதியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசட்டும் என்று. நிர்வாக இயக்குநரின் 'ஐந்து நிமிட வரவேற்பு' முந்தைய முறை முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் அவர் அதைவிடக் கூடுதல் நேரம் இருந்தார். பயிற்சியிலிருந்து ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.

ஒரு முடிச்சு சொல்லும் பாடம்

கற்றுத்தருவதில் எனக்குக் கை கொடுத்தது பழைய முறை ஒன்று. முதல் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டபோது சார்லஸ் ஆலன் என்பவர் வேலை கற்றுத்தர நான்கு படிகளை வகுத்தார். 1919-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டம் அதையே எடுத்துக்கொண்டு சுருக்கியது: கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, செய்ய விடு, தொடர்ந்து பார். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா ஆலைகளில் வேரூன்றியது.

அந்தத் திட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பு எடுப்பவர் முதல் நாளே ஒரு மின்கம்பி முடிச்சைக் கையில் எடுப்பார். ஒருவரை முன்னால் அழைத்து, முடிச்சுப் போடும் முறையை வாயால் மட்டும் விளக்குவார். அவருக்கு வராது. இன்னொருவரை அழைத்து, பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. மூன்றாவது ஆளுக்கு ஒவ்வொரு படியாகச் செய்து, எங்கே கவனம் வேண்டும் என்று சொல்லி, அவரையே செய்யவைத்து, செய்தபடியே சொல்லவும் வைப்பார். அவருக்கு வந்துவிடும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர். இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். இவ்வளவுதான் அந்த வகுப்பு.

என் 96 ஸ்லைடு அந்த முதல் ஆளுக்கு நடந்ததைத்தான் செய்தது. வாயால் சொன்னேன்.

அவர்கள் ஒரு வேலையைப் பிரித்து எழுதும் தாளில் முக்கியப் படி, கவனிக்க வேண்டியது என்று இரண்டு பத்திகள் இருக்கும். நான் காரணம் என்று மூன்றாவது பத்தியும் போடுகிறேன். ஊசி போட்ட பிறகு சிரிஞ்சைக் கழிப்பதை அப்படிப் பிரித்தால் இப்படி வருகிறது. முதல் படி, மூடியைத் திரும்ப மாட்டாதே. காரணம், மாட்டும்போதுதான் மற்றக் கை குத்துப்படுகிறது. இரண்டாவது, ஊசி போட்ட இடத்திலேயே கட்டரில் ஊசியை வெட்டு. ஊசியோடு நடந்து போகாதே. மூன்றாவது, வெட்டிய ஊசி வெள்ளை டப்பாவுக்கு. டப்பா முக்கால் நிறைந்தால் மூடிவிடு, அமுக்காதே. நான்காவது, ஊசி இல்லாத சிரிஞ்ச் சிவப்புக்கு. ஐந்தாவது, கை சுத்தம். தாளில் அரைப்பக்கம்தான். இதை எழுதும்போதுதான் நான் ஸ்லைடில் விழுங்கிய இரண்டு சொல் எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குத் தெரிந்தது. செவிலியருக்கு அது சொல்லாமலே தெரியும். எழுதியவள் செவிலியர் என்பதால்தான் விடுபட்டது.

எழுபது நிமிடம்

எங்கள் தொகுதியில் 24 பேர். பாதிக்கு மேல் ஹவுஸ்கீப்பிங்கும் வார்டு உதவியாளர்களும். மற்றவர்கள் செவிலியர், ரிசப்ஷன், பில்லிங். மேசைக்கு ஆறு பேராக நான்கு மேசைகள். துறைவாரியாக உட்காரவிடாமல் கலந்து உட்காரவைத்தேன். நாளை வார்டில் ஒரு செவிலியர் தவறாகப் போடும்போது 'சிஸ்டர், அது இதுல' என்று சொல்லும் துணிவு ஓர் உதவியாளருக்கு வர வேண்டுமென்றால், இன்று ஒரே தட்டின் முன் இருவரும் சமமாகத் தடுமாறியிருக்க வேண்டும்.

கழிவு அமர்வுக்கு எழுபது நிமிடம். முதல் பத்து நிமிடம் கதை. 'மஞ்சளில் இவை, சிவப்பில் இவை' என்ற பட்டியலை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பையும் மருத்துவமனையை விட்டு எங்கே போகிறது என்று சொல்கிறேன். மஞ்சள் நெருப்புக்குப் போகிறது. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டு, உடல் திசு, காலாவதியான மருந்து. சிவப்பு நீராவியில் வெந்து, துண்டுதுண்டாகி, மறுபடி பிளாஸ்டிக்காகப் போகிறது. டிரிப்ஸ் செட், சிறுநீர்ப் பை, கையுறை. வெள்ளை குத்தும் பொருளுக்கு. யார் கையையும் தொடாமல் போவதற்காகத்தான் துளைக்க முடியாத டப்பா. நீலக் குறி போட்ட பெட்டி மருந்துக் குப்பி, ஆம்பூல் போன்ற கண்ணாடிக்கு; அதுவும் கிருமி நீக்கிய பிறகு மறுசுழற்சிக்குப் போகிறது. இப்படிச் சொன்னால், சொல்லாத பொருளுக்கும் அவர்களே விடை கண்டுபிடிக்கிறார்கள். கையுறையை மஞ்சளில் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவர், "பிளாஸ்டிக்க எரிச்சா பொகை நம்ம ஊருக்குத்தான் வரும்" என்றார். பி.வி.சி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் வரும் என்று நான் ஸ்லைடில் எழுதிக் காட்டியபோது யாருக்கும் ஏறாதது அது.

அடுத்த பத்து நிமிடம் செய்து காட்டுவது. சிரிஞ்ச் கழிப்பதை மூன்று முறை செய்கிறேன்: முதலில் படிகளை மட்டும் சொல்லி, பிறகு கவனிக்க வேண்டியதைச் சேர்த்து, மூன்றாவது முறை காரணத்தையும் சேர்த்து. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டினால் கேட்பவர் எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

பிறகு இருபத்தைந்து நிமிடம் தட்டு. ஒவ்வொரு மேசையிலும் 18 பொருள்கள், நான்கு சிறு டப்பாக்கள், ஒரு சாதாரணக் குப்பைக் கூடை. எல்லாப் பொருளும் புதியது. பயன்படுத்தியது ஒன்றும் இல்லை. ரத்தத்துக்குச் சிவப்பு மை. ஊசியை மட்டும் பிரிக்காத உறையோடு வைத்தேன். பயிற்சியில் குத்துப்பட்டால் அதைவிட அவமானம் எனக்கு வேறில்லை. ஆளுக்கு மூன்று பொருள். எடுத்து, பெயர் சொல்லி, எங்கே போகிறது என்றும் ஏன் என்றும் சொல்லிப் போட வேண்டும். ஒரு பொருளுக்கு நாற்பது விநாடி என்றால் ஒரு சுற்று பன்னிரண்டு நிமிடம். இரண்டாவது சுற்றில் பொருள்கள் கைமாறும். மேசையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் அமைதியாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதிதான் காப்பாற்றவே முடியாதது. உதவ வேண்டும் என்ற தவிப்பில் எல்லோர் கையும் நீளும். கை நீண்டால் தடுமாறுபவர் மறைந்துவிடுவார். யாருக்குத் தெரியவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போகும். அதனால் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பழைய பணியாளரை நிறுத்தி, அவர் வேலை கைகளைத் தடுப்பது மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மீதி நேரத்தில் மேசைகள் இடம் மாறும். மற்ற மேசையின் டப்பாக்களைத் திறந்து பார்த்துத் தவறு கண்டுபிடிப்பார்கள். இங்கே கிடைக்கும் சண்டைகளுக்காகவே நான் கடைசிப் பத்து நிமிடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். 'ஊசி பிரிக்க முடியாத சிரிஞ்ச் எதில்?' என்று ஒரு பில்லிங் பையன் கேட்டான். வெட்டாமல் போட்டால் முழுதும் வெள்ளை. வெட்டினால் ஊசி வெள்ளை, மிச்சம் சிவப்பு. அவன் கழிவைத் தொடப்போகிறவனே இல்லை.

படம் எதற்கு

96 ஸ்லைடு 14 ஆனது. ஒரு ஸ்லைடு இருக்க வேண்டுமா என்பதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: புரொஜெக்டரை அணைத்துவிட்டு இதை வாயால் சொன்னால் புரியாமல் போகுமா? புரியும் என்றால் ஸ்லைடு வேண்டாம். நான் பேசும் வாக்கியமே திரையிலும் இருந்தால் கண் அதைப் படிக்க, காது என்னைக் கேட்க, இரண்டும் ஒன்றையொன்று இடறுகின்றன. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்: படமும் குரலும் இருக்கும் இடத்தில் அதே சொற்களை எழுத்தாகவும் சேர்த்தால் கற்றல் கூடுவதில்லை, குறைகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இருக்கும் அறையில் எழுத்து நிறைந்த திரை அதைவிடக் கொடியது. அவர்கள் படிக்க முயன்று பின்தங்கி, படிக்கத் தெரியாது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள்.

மிஞ்சிய 14-இல் பெரும்பாலானவை எங்கள் கட்டடத்திலேயே போனில் எடுத்த புகைப்படங்கள். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான டப்பாப் படம் எங்கள் வார்டில் இருக்கும் டப்பா மாதிரி இருக்காது. மூடி வேறு, மிதி வேறு, இடம் வேறு. புதியவர் நாளைக் காலை அந்த மூலையில் நிற்கும்போது 'இதைத்தானே பார்த்தோம்' என்று தோன்ற வேண்டும்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்கள் இரண்டு இடத்தில் அடிபடுகிறார்கள். ஒன்று எழுத்துரு. அலுவலகக் கணினியில் பழைய எழுத்துருவில் அடித்ததை ஹாலில் இருக்கும் கணினியில் திறந்தால் வெறும் குறிகளாக நிற்கும். யூனிகோடில் அடிக்க வேண்டும். அப்படியும் நம்பாமல் PDF ஆகவும் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலையே அதே ஹாலில், அதே கணினியில் போட்டுப் பார்த்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். கொம்பும் காலும் சுழியும் சேரும்போது தமிழ் எழுத்து அகலமாகிறது. வரியைச் சுருக்க ஆசை வருகிறது. அந்த ஆசைதான் என் இரண்டு சொல்லைத் தின்றது. மற்றது நிறம். வெயில் வரும் ஹாலில் வெளிறிய புரொஜெக்டரில் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும். நிறமே பாடமாக இருக்கும் இடத்தில் திரையை நம்பக் கூடாது. நான்கு நிறத்துக்கும் நிஜப் பையையும் டப்பாவையும் மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

கடிகாரக் கணக்கு

நேரம் போடுவதை நான் வெகுநாள் ஊகமாகத்தான் செய்துவந்தேன். கை கழுவும் பயிற்சி அதை மாற்றியது. சோப்பும் தண்ணீரும் என்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. ஒளிரும் திரவத்தைக் கையில் பூசி, கழுவி, புறஊதா டார்ச்சில் காட்டினால் விடுபட்ட இடம் மின்னும். அதற்கு 15 நிமிடம் போட்டிருந்தேன். ஹாலுக்குப் பக்கத்தில் இருந்தது இரண்டு குழாய். ஆளுக்கு, போய்வருவதையும் சேர்த்து, இரண்டு நிமிடம். 24 பேருக்கு இரண்டு குழாயில் 24 நிமிடம் வரிசையிலேயே போய்விட்டது. பார்ப்பது, பேசுவது எல்லாம் அதற்குப் பிறகு. மொத்தம் நாற்பது நிமிடம். அந்தப் பற்றாக்குறை நாள் முழுவதும் ஒவ்வொரு அமர்விலிருந்தும் கொஞ்சம் கடித்து, கடைசியில் தேர்வையே விழுங்கியது.

இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கையுறை மாட்டி, உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் நீலப் போஸ்டர் பெயிண்ட் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு 30 விநாடி தேய்க்கச் சொல்கிறேன். கிருமிநீக்கித் திரவத்தால் தேய்ப்பதற்கு 20 முதல் 30 விநாடிதான் அளவு. கண் திறந்தால் கட்டைவிரலும் விரல் நுனியும் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். வரிசையும் இல்லை, டார்ச்சும் வேண்டாம். ஏழு நிமிடத்தில் முடிகிறது.

இந்தக் கணக்கை எல்லா அமர்வுக்கும் போட்டேன்: எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் செய்யலாம், இடம் மாற எவ்வளவு. மாலைத் தேர்வு நான்கு நிலையங்களில். ஆறு பேர் கொண்ட குழு ஒரு நிலையத்தில் 12 நிமிடம், மாற 2 நிமிடம். நான்கு முறைக்கு 56 நிமிடம். 2.55-க்குத் தொடங்கினால் 3.51. தவறியவர்கள் அங்கேயே மறுபடி செய்ய இருபது நிமிடம். 4.30-க்கு வெளியே. பேருந்துக்குப் போகிறவர்கள் நான்கரைக்கு மேல் கதவைத்தான் பார்ப்பார்கள்.

நாள் 9.10-க்குப் பெயிண்டோடு தொடங்குகிறது. உட்கார்ந்ததும் கை அழுக்காக வேண்டும். பத்து மணிக்குக் கழிவு. தேநீருக்குப் பிறகு ஊசிக்குத்து, அடுத்து நோயாளி அடையாளம், 12.50-க்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு திரை கிடையாது. ஐம்பது நிமிடம் நடை: குழுக் குழுவாக அவசர வழி, தீயணைப்பான், ஒவ்வொரு மாடியிலும் டப்பாக்கள் எங்கே என்று தேடுவது. விடுப்பு, பி.எஃப்., சீருடைக்கு இருபது நிமிடம், மிச்சம் தாளில். முந்தைய இரவு டியூட்டி பார்த்தவரை அன்று அழைப்பதில்லை. அவரை உட்காரவைத்துப் பெயரை ஏற்றலாம், வேறொன்றும் நடக்காது.

இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது

ஊசிக்குத்து அமர்வில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பிழியாதே, வாயில் வைக்காதே, சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவு, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம். நாற்பது நிமிடம் ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. ஆள்கள் மறைப்பது தெரியாததால் அல்ல. திட்டுவார்கள், சம்பளம் பிடிப்பார்கள், எய்ட்ஸ் என்று பேசுவார்கள் என்ற பயத்தில். அதனால் நடிக்கவைத்தேன். ஒருவர் குத்துப்பட்டவர், ஒருவர் கோபக்கார இன்சார்ஜ். இன்சார்ஜாக நடித்தவர்கள் யாருமே முதலில் 'கழுவினியா?' என்று கேட்கவில்லை. 'பாத்துப் போட மாட்டியா?' என்றுதான் தொடங்கினார்கள்.

பிறகு, ஊசி குத்தினால் சொல்ல வேண்டிய எண்ணை அவரவர் போனிலிருந்து அழைக்கச் சொன்னேன். ஸ்லைடில் கொட்டை எழுத்தில் இருந்த எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விசாரித்தால், அது பகலில் மட்டும் ஆள் இருக்கும் ஓர் அறை. அன்று பகலிலும் ஆள் இல்லை. எத்தனை தொகுதிக்கு அந்த எண்ணைக் கொடுத்திருந்தேனோ. அன்று மாலையே இரவு டியூட்டி மேற்பார்வையாளரின் கைப்பேசி எண்ணாக அது மாறியது. அழைத்துப் பார்க்காத எண்ணை நான் இப்போது எந்தத் தாளிலும் போடுவதில்லை.

நோயாளி அடையாளம் எல்லோருக்கும் பிடித்த அமர்வு. 'நீங்க செல்விதானே?' என்று கேட்டால் காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். 'உங்க பேர் என்னம்மா, பிறந்த தேதி என்ன?' என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கை மாறும். ஒரே வார்டில் இரண்டு செல்விகளைப் படுக்கவைத்து நடத்தினால் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு முறை செய்ததோடு விட்டால் நிற்காது. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். அதனால் தேநீருக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு, நடைக்குப் பிறகு என்று ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் காலைப் பொருளில் மூன்றை எடுத்துக் கேட்கிறேன். வாயால் மட்டும். எழுத்துத் தேர்வு வைத்தால் அது கழிவைச் சோதிக்காது, கையெழுத்தைச் சோதிக்கும்.

பத்தாம் நாள்

பயிற்சி பிடித்திருந்ததா என்று மாலையில் வாங்கும் தாளை நான் படிக்கிறேன், ஆனால் நம்புவதில்லை. அந்த 96 ஸ்லைடுக்கும் 'மிக நன்று' என்றுதான் வந்தது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு அடுக்காகப் பிரித்துச் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. முதல் இரண்டையும் ஹாலிலேயே பார்த்துவிடலாம். மூன்றாவதற்கு வார்டுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று இன்சார்ஜ் கையில் ஐந்து வரி உள்ள ஓர் அட்டை. ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்ப்பது டப்பாக்களை. மூடியைத் திறந்து மேலிருந்து பார்ப்பதோடு சரி, கையை விடுவதில்லை. மாற்றிக் கிடப்பதை எண்ணிக் குறித்துக்கொள்வேன்.

புதிய முறையில் பயின்ற முதல் தொகுதியின் பத்தாம் நாள், சிவப்பு டப்பாவில் ஊசி எங்கேயும் இல்லை. ஆனால் எல்லா மாடியிலும் ஒரே தவறு இருந்தது: டிரிப்ஸ் செட்டின் பிரித்த மேலுறை, சிரிஞ்சின் கவர், எல்லாம் சிவப்பில் குவிந்திருந்தன. அந்த அக்காவும் அங்கேதான் இருந்தார். பழையவர் என்றாலும் இந்தத் தொகுதியோடு மறுபடி உட்காரவைத்திருந்தேன். ஏன் என்று கேட்டேன். "பிளாஸ்டிக்குனா சிவப்புதான சிஸ்டர்?" என்றார். அவர் மேல் தவறே இல்லை. நான் சொன்ன கதையில் பிளாஸ்டிக் சிவப்புக்குப் போனது. நோயாளியைத் தொட்ட பிளாஸ்டிக் என்பது கதையில் இருந்தது, கையில் வரவில்லை. தட்டில் இருந்த 18 பொருளில் நோயாளியைத் தொடாத பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லை.

காலையில் பெயிண்ட் பூசிய கையுறைகளை நானே ஒரு பையில் வாங்கி ஓரமாக எடுத்துப்போய்விடுவேன். மேசை சுத்தமாக இருக்கட்டும் என்று. அடுத்த தொகுதியில் எடுக்கவில்லை. கழிவு அமர்வு தொடங்கும்வரை அவை ஒவ்வொருவர் முன்னாலும் நீல நிறத்தில் கிடக்கின்றன. பத்தொன்பதாவது பொருள் அதுதான்.